மூன்று கல்லூரி, ஒரு கணக்கு நோட்டு

இந்தக் கதையின் அப்பாவுக்கு முருகேசன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி. பாவும் நூலும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் சனிக்கிழமை கூலி. மனைவி லட்சுமியும் தறியில் நிற்கிறார். வீட்டுச் செலவு போக வாரம் 2,000 ரூபாய் மிச்சப்படுத்த முடியும். பாவு வராத வாரங்களைக் கழித்தால் வருஷத்தில் 45 வாரம்தான் அந்த மிச்சம் நிற்கும். அதாவது 90,000. சீட்டு எடுத்து வைத்த பணம் 1,50,000 கையில் இருக்கிறது. மகள் தேன்மொழியின் பொறியியல் படிப்புக்கு அவரிடம் உள்ள பணபலம் இவ்வளவுதான்.

தேன்மொழிக்குக் கட்ஆஃப் 200-க்கு 172. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆளுக்கு 50 என்று கணக்கிட்டு வந்த மதிப்பெண். போன வருஷத்து கடைசிக் கட்ஆஃப் பட்டியலை வைத்துப் பார்த்ததில் மூன்று வழிகள் தெரிந்தன. முதலாவது, மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரி. கவுன்சிலிங்கில் மின்னியல், அதாவது ட்ரிபிள்-ஈ கிடைக்க வாய்ப்பு உண்டு. பஸ்ஸில் ஆறு மணி நேரம், ஆகவே ஹாஸ்டல். இரண்டாவது, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே அரசு ஒதுக்கீட்டில் மின்னணுவியல், அதாவது ஈசிஈ கிடைக்கும். மூன்றாவது, கோவைப் பக்கம் ஒரு பெரிய தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அங்கிருந்து ஏற்கெனவே போன் வந்துவிட்டது. "50,000 அட்வான்ஸ் கட்டினா சீட்டைப் பிடிச்சு வச்சிருவோம் சார்" என்றார்கள்.

எந்தச் சலுகை யாருக்கு என்பதை முருகேசன் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொண்டது நல்ல காரியம். நிறையப் பேர் இல்லாத சலுகையைக் கணக்கில் சேர்த்துவிட்டு ஜூலையில் திண்டாடுகிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். ஆனால் தேன்மொழி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அது கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை, ஏனென்றால் அண்ணன் பி.காம். முடித்துவிட்டான். கிடைக்கக்கூடியது புதுமைப்பெண் திட்டம். 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்று தொடங்கியதை, பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். மாதம் 1,000 என்றால் வருஷத்துக்கு 12,000. இதை மட்டும் பேனாவால் எழுதினார்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை ஒன்று உண்டு. பெண்களுக்கு மட்டும், வருஷத்துக்கு 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேன்மொழி தகுதியானவள்தான். ஆனால் விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டணம் கட்டி முடித்துப் பல மாதம் கழித்துத்தான் அவள் கணக்குக்கு வரும். அதனால் அதைப் பென்சிலால் ஓர் ஓரத்தில் எழுதிவைத்தார். வரவில் சேர்க்கவில்லை.

அப்புறம் நோட்டில் முதல் பக்கத்தை மூன்று கல்லூரிக்கும் பொதுவான செலவுக்கு ஒதுக்கினார். லேப்டாப் 45,000. புத்தகம், டிராஃப்டர், வரைபலகை, சயின்டிஃபிக் கால்குலேட்டர், லேப் கோட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்த்து முதல் வருஷம் 6,000, அடுத்த வருஷங்களில் 4,000 வீதம். நாலு வருஷத்துக்கு 63,000. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இந்தப் பணம் வேண்டும். ஒப்பிடும்போது இது வித்தியாசம் காட்டாது. ஆனால் முதல் ஜூலையில் இதில் 51,000 ஒரே மூச்சில் போய்விடும் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாம் பக்கம் அரசுக் கல்லூரிக்கு. கல்லூரிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்து வருஷத்துக்கு 16,000 என்று அங்கே படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா சொன்னார். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் "அரசுக் கல்லூரி சும்மா மாதிரி" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையான செலவு ஹாஸ்டலில் இருக்கிறது. அறை வாடகை, பராமரிப்பு, கரண்ட் எல்லாம் 12,000. சாப்பாடு டிவைடிங் முறை, அதாவது மாதம் ஆன மெஸ் செலவை, சாப்பிட்ட மாணவிகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கட்டுவது. எனவே தொகை மாதா மாதம் மாறும். முருகேசன் போன வருஷத்து ரசீதுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். குறைந்த மாதத்தை விட்டுவிட்டு, கூடின மாதங்களை ஒட்டி 3,800 என்று வைத்துக்கொண்டார். பத்து மாதத்துக்கு 38,000. சோப்பு, போன் ரீசார்ஜ், மருந்து, நாப்கின், ஒரு டீ காபி என்று மாதம் 1,500, அது 15,000. ஊருக்கு வந்துபோக, இவர்கள் ஒன்றிரண்டு தடவை போய்ப் பார்க்க 6,000. ஆக வருஷத்துக்கு 87,000.

நாலு வருஷத்துக்கு 3,48,000. மெஸ் செலவு ஏறும் என்பதால் இரண்டாம் வருஷம் 5,000, மூன்றாம் வருஷம் 10,000, நாலாம் வருஷம் 15,000 கூட்டினார். மெத்தை, பெட்டி, பக்கெட் வகைக்கு முதல் வருஷம் 6,000. மொத்தம் 3,84,000. திரும்பி வரும் டெபாசிட் 5,000-ஐ இதில் சேர்க்கவில்லை, ஜூலைச் செலவில் மட்டும் சேர்த்தார். அதுதான் சரி.

மூன்றாம் பக்கம் பக்கத்துத் தனியார் கல்லூரி. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த தொகை, அங்கீகாரம் இல்லாத பிரிவுக்கு 50,000, தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு 55,000. இதில் கவனிக்க வேண்டியது, அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, பிரிவு பிரிவாகக் கிடைப்பது. இந்தக் கல்லூரியில் ஈசிஈ-க்கு உண்டு, ஆகவே 55,000. இதற்கு மேல் தேர்வுக் கட்டணம், பிளேஸ்மென்ட் பயிற்சி, சங்கக் கட்டணம் என்று 15,000 ஆகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முருகேசன் அதைத் தலைப்பு வாரியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். வாயால் சொன்ன தொகை இரண்டாம் வருஷம் வேறாகிவிடும், எழுதிக் கொடுத்ததை வைத்துக் கேள்வி கேட்கலாம். வங்கிக் கடன் வாங்குவதானாலும் தலைப்பு வாரியான அந்தத் தாள்தான் வேண்டும்.

கல்லூரிப் பஸ் 24,000. "லேடீஸுக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீயாச்சே" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த இலவசம் சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும். அந்தக் கல்லூரி வழியாகப் போவது புறநகர் பஸ், அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும், நேரத்துக்கும் பொருந்தாது. கைச்செலவு மாதம் 500 வீதம் 5,000. ஆக வருஷத்துக்கு 99,000. பஸ் கட்டணம் வருஷத்துக்கு 2,000 ஏறினால் நாலு வருஷத்தில் 12,000 கூடும். மொத்தம் 4,08,000.

முருகேசன் இரண்டு பக்கத்தையும் லட்சுமியிடம் காட்டினார். "24,000 தானே வித்தியாசம். அதுக்காகப் பாப்பாவ அவ்வளவு தூரம் அனுப்பணுமா?"

தறியை நிறுத்திவிட்டு வந்த லட்சுமி நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, ஹாஸ்டல்ல சாப்பிடுறதுக்கு 38,000 போட்டிருக்கீங்க. வீட்டுல இருந்தா அவ சாப்பிட மாட்டாளா? காலையில டிபன், மத்தியானத்துக்குக் கட்டிக் குடுக்கணும், ராத்திரி. அரிசி, பால், முட்டை, கேஸு. இதுக்கெல்லாம் எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கும் எழுதவில்லை. ஒப்பீட்டில் பெரும்பாலும் விட்டுப்போகிற வரி இது. ஹாஸ்டல் சாப்பாடு ரசீதாக வருவதால் கண்ணில் படுகிறது, வீட்டுச் சாப்பாடு மளிகைக் கணக்கில் கரைந்துவிடுகிறது. ஒரு ஆள் குறைந்தால் மாதம் எவ்வளவு குறையும் என்று லட்சுமியே கணக்குப் போட்டு 1,500 என்றார். கேஸும் கரண்டும் அப்படியே குறைந்துவிடாது, ஆகவே இதற்குமேல் வைப்பது நியாயமில்லை. பத்து மாதத்துக்கு 15,000, நாலு வருஷத்துக்கு 60,000. அதைத் தனியார் கல்லூரிப் பக்கத்தில் சேர்த்ததும் தொகை 4,68,000 ஆனது. வித்தியாசம் 84,000.

நாலாம் பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் அதே குழு 85,000, 87,000 என்று உச்சவரம்பு வைத்திருந்தது. போனில் கேட்டதோ வருஷத்துக்கு 1,75,000, ஹாஸ்டலுக்கு 1,10,000. கைச்செலவும் பயணமும் சேர்த்தால் வருஷத்துக்கு 3,06,000, நாலு வருஷத்துக்கு 12,24,000. அண்ணன் ஒரு யோசனை சொன்னான். "8 லட்சம் எஜுகேஷன் லோன் போடுவோம்ப்பா. வேலைக்குப் போய் அவளே கட்டிருவா."

சரி, அதையும் போட்டுப் பார்த்தார்கள். வருஷத்துக்கு 2 லட்சம் வீதம் வங்கி கொடுக்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் 2 லட்சத்துக்கு ஐந்து வருஷம், அடுத்ததுக்கு நாலு, மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே 2,80,000. கட்டத் தொடங்கும் நாளில் கடன் 10,80,000. பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 14,300 சுமார். இருபத்துமூன்று வயதில் வேலைக்குச் சேரும் பெண் முப்பத்துமூன்று வரை இதைக் கட்ட வேண்டும். அதோடு, வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பார்கள். இவர்களிடம் இருக்கிற சொத்து தறிக் கொட்டகையோடு சேர்ந்த வீடு ஒன்றுதான். கடன் போக மீதி 4,24,000-ஐயும் கையிலிருந்து போட வேண்டும். அதாவது அரசுக் கல்லூரிக்கு ஆகும் முழுத் தொகையைவிட அதிகத்தைக் கட்டிவிட்டு, அதன்மேல் 8 லட்சம் கடனும். கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான். ஆனால் வாரக் கூலிக் குடும்பம் குடியிருக்கிற வீட்டை வைத்து அதை வாங்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக இரண்டு வழிதான் மிச்சம். 84,000 வித்தியாசம் பெரிது என்றாலும், நாலு வருஷத்தில் பிரித்தால் மாதம் 1,750. மகளை வீட்டோடு வைத்துக்கொள்ள அதைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார் முருகேசன். அவர் மனதை மாற்றியது அடுத்து போட்ட கணக்கு. மொத்தத்தை விட்டுவிட்டு, எந்த மாதம் எவ்வளவு போகும் என்று பார்த்தார்.

தனியார் கல்லூரியில் முதல் ஜூலையில் கல்விக் கட்டணம் 55,000, இதரக் கட்டணம் 15,000, பஸ் 24,000, லேப்டாப்பும் புத்தகமும் 51,000. மொத்தம் 1,45,000. சீட்டுப் பணத்தில் 5,000 மிஞ்சும். அடுத்த ஜூன் வரை சேமிப்பு 90,000, புதுமைப்பெண் 12,000, கையிலிருப்பு 5,000. கைச்செலவு 5,000 போக 1,02,000 இருக்கும். இரண்டாம் வருஷம் கட்ட வேண்டியது 55,000, 15,000, பஸ் 26,000, புத்தகம் 4,000, ஆக 1,00,000. கட்டியதும் கையில் 2,000. இது எல்லாம் சரியாக நடந்தால். தறி மோட்டார் ஒன்று எரிந்துபோனாலோ, பாவு இன்னும் நாலு வாரம் தள்ளிப்போனாலோ அந்த ஜூனில் நகை அடகுக்குப் போகும்.

அரசுக் கல்லூரியில் முதல் ஜூலையில் கட்டணம் 16,000, ஹாஸ்டல் 12,000, டெபாசிட் 5,000, மெஸ் முன்பணம் 10,000, மெத்தை பெட்டி 6,000, லேப்டாப்பும் புத்தகமும் 51,000. மொத்தம் 1,00,000. கையில் 50,000 நிற்கும். அதன்பிறகு மீதி மெஸ் 28,000, கைச்செலவு 15,000, பயணம் 6,000 எல்லாம் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சனிக்கிழமைக் கூலியிலிருந்தே சமாளிக்கலாம். வீட்டில் குறைகிற 15,000-ஐயும் சேர்த்தால் ஜூனில் கையிருப்பு 1,18,000. இரண்டாம் வருஷத்துக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் முன்பணம், புத்தகம் என்று 42,000 கட்டிய பிறகும் 76,000 இருக்கும்.

ஒரே குடும்பம், ஒரே வருமானம். இரண்டாம் வருஷ ஜூனில் ஒரு வழியில் கையில் 2,000, இன்னொன்றில் 76,000. மொத்தச் செலவில் நெருக்கமாகத் தெரிந்த இரண்டு வழிகள், கட்ட வேண்டிய தேதியைப் பார்த்ததும் இவ்வளவு விலகிப் போய்விட்டன. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு, பிஎஃப்-இல் எடுக்க வழி உள்ளவருக்கு, இந்த விலகல் அவ்வளவு முக்கியமாக இருக்காது. அவர் பக்கத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் அது தவறும் இல்லை.

பணக்கணக்கு சொல்லாத விஷயங்களும் உண்டு, அதைத் தேன்மொழியிடம் கேட்டார்கள். காலை 6.45-க்குப் பஸ் ஏறி சாயங்காலம் 6 மணிக்கு வீடு திரும்ப வேண்டும், தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில். "அது பரவால்லப்பா. ஆனா ஹாஸ்டல்ல இருந்தா லேப் முடிஞ்சும் காலேஜ்லயே இருக்கலாம்ல" என்றாள். ஈசிஈ-யை விட்டு ட்ரிபிள்-ஈ எடுப்பதில் வருத்தமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தாள். "ஈசிஈ-தான் முதல்ல நெனச்சேன். ட்ரிபிள்-ஈ-லயும் சர்க்யூட் எல்லாம் வரும். மின்வாரியத்துல அசிஸ்டென்ட் இன்ஜினியர் பரீட்சை எழுதலாம்." அவள் முழு மனதோடு சொல்கிறாளா, அப்பாவுக்காகச் சொல்கிறாளா என்று லட்சுமிக்குத் தெரியவில்லை. மறுநாள் தனியாக இன்னொரு தடவை கேட்டார். பதில் மாறவில்லை.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது அரசுக் கல்லூரியின் ட்ரிபிள்-ஈ முதலில், அதே கல்லூரியின் இன்னொரு பிரிவு அடுத்து, அதற்குப் பிறகு பக்கத்துக் கல்லூரியின் ஈசிஈ. கவுன்சிலிங்கில் தரவரிசைப்படி நம் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்துக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காது என்று நினைத்துப் பிடித்ததைக் கீழே போடுவதில் லாபம் எதுவும் இல்லை, மேலே போட்டால் நஷ்டமும் இல்லை. ஈசிஈ ஒதுக்கீடு ஆனாலும் 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' கொடுத்து, உதவி மையத்தில் பணம் கட்டி அந்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே காலியானால் மாறலாம். அதற்கான நாட்கள் குறைவு, அதனால் அந்தப் பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் போட்டு வைத்தார்.

ஈசிஈ-யே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் மூன்றாம் பக்கத்தின் அடியில் எழுதினார். அந்தச் சமயத்தில் முதல் வருஷத்திலேயே வித்யாலட்சுமி தளத்தில் 3 லட்சத்துக்குக் கடன் விண்ணப்பிப்பது. 4 லட்சம் வரை பிணையும் இல்லை, நம் பங்குப் பணமும் கேட்கமாட்டார்கள். கையில் பணம் இருக்கும்போதே வாங்கி வைப்பதா என்று அண்ணன் கேட்டான். நாலு வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே அனுமதி வாங்கிக்கொண்டால், ஒவ்வொரு ஜூனிலும் தேவையான அளவை மட்டும் வங்கி நேராகக் கல்லூரிக்குக் கட்டும், எடுத்ததற்கு மட்டும்தான் வட்டி. ஜூன் மாதம் பணம் குறைந்த பிறகு விண்ணப்பித்தால் கடைசித் தேதிக்குள் கைக்கு வராது.

கோவையிலிருந்து மறுபடி போன் வந்தது. "நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டலன்னா சீட் போயிரும் சார்." கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஏஐசிடிஇ விதி இருப்பது முருகேசனுக்குத் தெரியும். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க எத்தனை தடவை கோவைக்கு நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்தார்.

"வேண்டாம் சார், நாங்க கவுன்சிலிங்லயே பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, ஹாஸ்டலில் இந்த மாத மெஸ் பில் எவ்வளவு வந்தது என்று அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார்.